பத்தில் இரண்டு: சார்லஸ், டயானா ஜாதகங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது

மேலை ஜோதிடத்தில் இரண்டு பேரின் ஜாதகத்தை ஒப்பிடுவதற்கு சினாஸ்ட்ரி என்று பெயர். அதில் ஒரு பகுதி, ஒருவருடைய கிரகங்களைத் தூக்கி மற்றவருடைய வீடுகளில் வைத்துப் பார்ப்பது. நம் ஊரில் நட்சத்திரத்தை வைத்துப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அங்கே அப்படி மதிப்பெண் கிடையாது. உன் சுக்கிரன் என் எந்த வீட்டில் வந்து உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

இதைக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம், கிடைப்பதையெல்லாம் படித்துவிடுவது. ஒரு ஜோடிக்கு இரு பக்கமும் சேர்த்து இருபது இடங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி பலன் எங்காவது எழுதப்பட்டிருக்கும். இருபதையும் அடுக்கினால் எந்த ஜோடிக்கும் பொருந்தும் ஒரு கதை வந்துவிடும். எது நிற்கும், எது நிற்காது என்று சலிப்பதுதான் உண்மையான வேலை. அந்தச் சலிப்பைத்தான் இங்கே ஒரு ஜோடியை வைத்துச் செய்து காட்டுகிறேன். பிறந்த விவரம் ஊரறிந்த ஜோடி வேண்டும் என்பதால் பிரிட்டன் அரச குடும்பத்துச் சார்லஸையும் டயானாவையும் எடுத்துக்கொண்டேன்.

சார்லஸ் பிறந்தது 1948 நவம்பர் 14, லண்டன், இரவு 9.14. டயானா 1961 ஜூலை 1, சாண்ட்ரிங்ஹாம், மாலை 7.45 என்பது இன்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் நேரம். இந்த நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். 1981 ஜூலை 29 அன்று திருமணம். 1992 டிசம்பரில் பிரிவு அறிவிப்பு. 1996 ஆகஸ்ட் 28 அன்று விவாகரத்து. முடிவு தெரிந்த கதை என்பதால் ஜாதகத்தில் எதைப் பார்த்தாலும் 'அப்பவே தெரிந்தது' என்று சொல்லத் தோன்றும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

வீட்டுக்காரரும் விருந்தாளியும்

கிரகத்துக்கு உரியவர் விருந்தாளி, வீட்டுக்கு உரியவர் வீட்டுக்காரர் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. விருந்தாளி தன் இயல்பில் இருக்கிறார். செவ்வாய் என்றால் வேகம், சூரியன் என்றால் 'நான்' என்கிற இருப்பு. அது வீட்டுக்காரருடைய வாழ்க்கையின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதை வீடு சொல்லும். அதை அதிகமாக உணர்பவர் வீட்டுக்காரர். விருந்தாளிக்கு, தான் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே பல நேரம் தெரியாது. ஆகவே டயானாவின் செவ்வாய் சார்லஸின் இரண்டாம் வீட்டில் விழுந்தால் அது சார்லஸுக்கு நேரும் அனுபவம். திருப்பிச் சொன்னால் பலன் தலைகீழாகிவிடும்.

வீடுகளின் பொருள் நாம் அறிந்ததோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். 1 உடலும் தோற்றமும், 4 வீடும் வேரும், 5 காதலும் குழந்தையும், 7 துணை, 10 ஊருக்குத் தெரியும் பெயர். மூன்று இடங்களில் கவனம் வேண்டும். நமக்கு 2 குடும்பத்தையும் வாக்கையும் சேர்த்துச் சொல்லும். அங்கே அது பணம், உடைமை, தன்னை எவ்வளவு மதிக்கிறோம் என்பது. நாம் படுக்கையைப் பன்னிரண்டில் வைக்கிறோம். அவர்கள் உடல் நெருக்கத்தை எட்டில் வைக்கிறார்கள், கூடவே பகிர்ந்துகொள்ளும் பணத்தையும். அவர்களுக்குப் பன்னிரண்டு என்பது மறைவிடம், தனிமை, தனக்கே தெரியாத தன் பகுதி. எட்டில் ஒரு கிரகம் என்றதும் நம்மவர்கள் பதறுவார்கள். அங்கே எட்டு என்றால் ஆழமான ஈர்ப்பு, கூடவே பிடிவாதம், பொறாமை. கெட்ட வீடு என்ற பொருள் அவ்வளவாக இல்லை.

இன்னொன்று. மேலை முறை, நட்சத்திரங்களை வைக்காமல் சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கும் சாயன முறை, ஆகவே இந்த இருவரும் பிறந்த காலத்துக்கு ராசிகள் நம் பஞ்சாங்கத்திலிருந்து 23 பாகை போலத் தள்ளியிருக்கும். கீழே வரும் ராசிகள் எல்லாம் அந்தக் கணக்குதான்.

பத்து இடங்கள்

டயானாவின் லக்னம் தனுசு 18 பாகை. சார்லஸுக்கு சிம்மம் 5 பாகை 24 கலை. ஒரு பாகைக்கு அறுபது கலை. இனி சந்திரன், சூரியன், புதன், சுக்கிரன், செவ்வாய் ஆகிய ஐந்தை மட்டும் எடுக்கிறேன். வேகமாக நகரும் கிரகங்கள் என்பதால் இவைதான் ஆளுக்கு ஆள் மாறும். வெளிக்கிரகங்கள் அப்படியல்ல. டயானாவின் நெப்டியூன் விருச்சிகத்தில் இருந்து சார்லஸின் நான்காம் வீட்டில் விழுகிறது. வீட்டில் மாயை, ஏமாற்றம் என்று எழுதலாம், எழுதியும் இருப்பார்கள். ஆனால் நெப்டியூன் ஒரு ராசியைக் கடக்கப் பதினான்கு ஆண்டு போல எடுக்கும். டயானாவின் பள்ளித் தோழிகள் அத்தனை பேருடைய நெப்டியூனும் சார்லஸின் அதே வீட்டில்தான் விழும். இந்த ஜோடியைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

சரி, ஐந்தும் ஐந்தும் பத்து. இப்போது வீடு பிரிக்கும் முறையால் வரும் தகராறு. நம் கட்டம் போல ஒரு ராசி ஒரு வீடு என்று எடுப்பது முழு ராசி முறை. லக்னப் பாகையில் தொடங்கி, நேரக் கணக்கில் சமமில்லாத வீடுகளாகப் பிரிப்பது பிளாசிடஸ் முறை. மேலை நாடுகளில் இதுதான் அதிகப் புழக்கம். பத்தையும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தேன்.

டயானாவின் சூரியன் கடகம் 9 பாகை 40 கலை. சார்லஸுக்கு அது இரண்டு முறையிலும் பன்னிரண்டாம் வீடு. அவருடைய செவ்வாய் கன்னி 1 பாகை 39 கலை, இரண்டு முறையிலும் சார்லஸின் இரண்டாம் வீடு. மற்ற மூன்றும் முறைக்கு முறை தாவுகின்றன. புதன் பன்னிரண்டா பதினொன்றா, சுக்கிரன் பத்தா பதினொன்றா, சந்திரன் ஏழா எட்டா என்று முடிவாகவில்லை. மறுபக்கம் இன்னும் மோசம். சார்லஸின் சூரியன் முழு ராசி முறையில் டயானாவின் பன்னிரண்டில், பிளாசிடஸில் பதினொன்றில். அவருடைய சந்திரன் ஒரு முறையில் ஆறு, மற்றதில் நான்கு. புதன் பன்னிரண்டு அல்லது பத்து, சுக்கிரன் பதினொன்று அல்லது ஒன்பது. அசையாமல் நிற்பது செவ்வாய் மட்டும், டயானாவின் முதல் வீட்டில்.

ஆகப் பத்தில் மூன்றுதான் தேறின. விளிம்புக்கு 5 பாகைக்குள் இருக்கும் கிரகத்தை அடுத்த வீட்டுக்குரியதாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. அதை ஏற்றால் டயானாவின் புதனும் பன்னிரண்டில் சேரும், ஏனென்றால் பிளாசிடஸில் அது விளிம்புக்கு 1 பாகைகூட முன்னால் இல்லை. நான் கறாராகவே போகிறேன்.

பன்னிரண்டில் சூரியன்

தேறியவற்றில் கனமானது இது. ஒருவருடைய சூரியன் மற்றவருடைய பன்னிரண்டில் விழும்போது மேலை நூல்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான்: விருந்தாளி வந்திருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆனால் முகம் சரியாகத் தெரியாது. வெளிச்சமில்லாத அறையில் விளக்கை ஏற்றியது போல வீட்டுக்காரர் தன்னிடம் மறைத்து வைத்திருந்த சோகமும் பயமும் மேலே வரும். சிலருக்கு அது ஆறுதல். சிலர் அதைத் தாங்காமல் விலகிப் போவார்கள். விருந்தாளிக்கு வேறு குறை: நான் இருப்பதே இவருக்குத் தெரியவில்லையே என்பது.

அரண்மனைக்குள் தனித்துப் போனதாக டயானா 1995-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் பேசியது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேண்டுமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விதி நினைவிருக்கிறதா? இந்த இடத்தின் அனுபவம் முதலில் வீட்டுக்காரருக்கு. சார்லஸுக்குள் டயானா எதைக் கிளறினார் என்பதைச் சொல்ல வேண்டியவர் சார்லஸ். நம்மிடம் இருப்பது விருந்தாளியின் வாக்குமூலம். பலனில் பாதிக்குத்தான் அது சான்று.

இன்னொரு கவனமும் உண்டு. டயானாவின் சூரியன் அவருடைய சொந்த ஜாதகத்தில் பிளாசிடஸ் முறைப்படி ஏழாம் வீட்டில் இருக்கிறது. துணை மூலமாகத் தன்னைக் காண்பவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் சூரியன் துணைவரின் மறைவிடத்தில் விழும்போது வலி கூடும். தன்னுடைய தொழிலிலோ பத்தாம் வீட்டுப் பெயரிலோ தன்னைக் காண்பவருக்கு அதே இடம் அவ்வளவு உறைக்காது. விழும் வீட்டை மட்டும் படித்துவிட்டு, அந்தக் கிரகம் சொந்த வீட்டில் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது இந்தத் துறையில் மிகவும் சாதாரணமான தப்பு.

இரண்டில் செவ்வாய்

டயானாவின் செவ்வாய் சார்லஸின் பணம், உடைமை, சுயமதிப்பு என்ற வீட்டில். செவ்வாய் இங்கே வந்தால் செலவு பற்றிய சண்டை என்று ஒரு வரியில் முடிப்பார்கள். அது மேம்போக்கு. வீட்டுக்காரர் எதை அருமையாகக் கருதுகிறாரோ அதை விருந்தாளி குத்திக் கேள்வி கேட்பார் என்பது இன்னும் சரி. நீ கட்டிக் காப்பது எனக்கு ஏன் முக்கியமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி. நல்ல ஜோடியில் இதுவே சம்பாதிக்கும் வேகமாகவும் மாறும்.

இந்த வீட்டில் சார்லஸின் சனி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, கன்னி 5 பாகையில். டயானாவின் செவ்வாய் அதிலிருந்து 4 பாகைக்குள். மதிப்பு, கடமை பற்றி அவர் ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அவசரக்கார விருந்தாளி வந்து இறங்குகிறார். ஒருவர் பிரேக், ஒருவர் ஆக்சிலரேட்டர். காலியாக இருக்கும் வீட்டில் விழும் செவ்வாயைவிட இது பல மடங்கு அழுத்தம். விவாகரத்தில் பெரிய தொகை பேசப்பட்டது என்று இதோடு முடிச்சுப் போட மாட்டேன். எந்த விவாகரத்தில் பணம் பேசப்படவில்லை?

ஒன்றில் செவ்வாய், அப்புறம் பிறந்த நேரம்

சார்லஸின் செவ்வாய் தனுசு 20 பாகை 56 கலை. டயானாவின் லக்னப் புள்ளியிலிருந்து இரண்டரைப் பாகைதான். முதல் வீட்டுச் செவ்வாய் வீட்டுக்காரரின் உடம்பில் படும். கண்டதும் ஈர்ப்பு, கூடவே எரிச்சல். அவர் அறைக்குள் வந்தாலே இவருக்குள் ஏதோ சூடேறும். சார்லஸ் சாதாரணமாகச் சொல்லும் ஒரு பேச்சுகூட டயானாவுக்குத் தள்ளிவிட்டது போல இருக்கலாம். கிரகம் லக்னப் புள்ளிக்கு இவ்வளவு கிட்டே இருப்பது சினாஸ்ட்ரியில் முதல் வரிசைச் செய்தி.

ஆனால் இது நிற்குமா? டயானாவின் பிறந்த நேரம் ஒரு காலத்தில் பிற்பகல் 2 மணி என்று ஜோதிடர்களிடையே உலவியது. அந்த நேரத்துக்குப் போட்டால் லக்னம் துலாம் 17 பாகை போல வருகிறது. உடனே சார்லஸின் செவ்வாய் முதல் வீட்டை விட்டு மூன்றாம் வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பதில் அவருடைய சுக்கிரன், துலாம் 16 பாகை 23 கலை, லக்னப் புள்ளியிலேயே வந்து உட்காரும். பக்கத்திலேயே அவருடைய நெப்டியூன். சுக்கிரனும் நெப்டியூனும் லக்னத்தில்: கனவுக் காதல், தேவதைக் கதைத் திருமணம், பிறகு மாயை கலைந்தது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! 1981-இல் உலகமே அந்தக் கல்யாணத்தைத் தேவதைக் கதை என்றுதானே சொன்னது.

நான் இந்த ஜோடியை எடுத்ததற்கு உண்மையான காரணம் இந்த இடம்தான். ஒரு நேரத்தில் செவ்வாய்க் கதை பொருந்துகிறது, மற்ற நேரத்தில் சுக்கிரன் கதை அதைவிட நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு நேரமும் சரியாக இருக்க முடியாது. ஆகவே 'பொருந்துகிறது' என்பதை வைத்து ஒரு நேரத்தையோ ஒரு பலனையோ உறுதிசெய்ய முடியாது. 7.45-ஐ எடுப்பது அந்தத் தகவல் வந்த வழியை வைத்துத்தான், கதை எவ்வளவு அழகு என்பதை வைத்து அல்ல. மூன்றில் இந்த ஒன்றை நான் பென்சிலால் மட்டும் எழுதி வைப்பேன்.

இதிலிருந்து நடைமுறையில் உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. பிறந்த நேரம் ஐயமாக இருப்பவர் வீட்டுக்காரராக இருக்க முடியாது, ஏனென்றால் வீடே ஆடுகிறது. விருந்தாளியாக இருக்கலாம். 2 மணியோ 7.45 மணியோ, டயானாவின் சூரியனும் செவ்வாயும் சில கலைகள்தான் நகரும். சார்லஸின் பன்னிரண்டும் இரண்டும் அப்படியே இருக்கும். சந்திரன் மட்டும் 3 பாகை போல நகர்ந்துவிடும். ஜோடியில் ஒருவருக்குத்தான் நேரம் தெரியும் என்றால் ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நண்பகல் 12 மணி என்று போட்டு மறுபக்கத்தையும் நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதி வெறும் கற்பனை.

விளிம்பில் நின்ற குரு

ஐந்தில் சேர்க்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜாதகங்களை அறிந்தவர்கள் கேட்பார்கள். டயானாவின் குரு கும்பம் 5 பாகை 06 கலை. சார்லஸின் ஏழாம் வீட்டுப் புள்ளி கும்பம் 5 பாகை 24 கலை. வித்தியாசம் 18 கலை. துணை வீட்டு வாசலில் குரு என்றால், பாடப்புத்தகத்தில் கல்யாணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பிளாசிடஸ் முறையில் மென்பொருள் அதை ஆறாம் வீடு என்று அச்சடிக்கும். சார்லஸ் இரண்டு நிமிடம் முன்னால் பிறந்திருந்தால் ஏழு. அச்சான எண்ணை நம்பி 'ஆறில் குரு, அன்றாட வேலைகளில் உதவி' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். புள்ளிக்கு இவ்வளவு கிட்டே வரும்போது வீட்டு எண்ணை மறந்துவிட்டு, கிரகம் வாசலில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அவ்வளவு நல்ல குரு இருந்தும் கல்யாணம் நிலைக்கவில்லையே என்றால், ஏழில் விழும் கிரகம் 'இவர் எனக்குத் துணையாகத் தகுந்தவர்' என்ற எண்ணத்தைத்தான் தரும். நீடிப்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அத்துடன் அபூர்வமும் இல்லை. பத்துக் கிரகங்களைப் பன்னிரண்டு வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால், ஏழாம் வீட்டில் ஒன்றாவது விழ நூற்றுக்கு 58 வாய்ப்பு இருக்கிறது. 'அவருடைய கிரகம் என் ஏழில் இருக்கிறது' என்று யாராவது பூரித்துச் சொன்னால் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

நம் கணக்கில் பார்த்தால்

சிலர் இதே ஜாதகங்களை நம் பஞ்சாங்கத்தின் நிராயன முறையில் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். இரண்டு முறைக்கும் உள்ள இடைவெளியை லாகிரி அயனாம்சக் கணக்கில் எடுத்தால் சார்லஸ் கடக லக்னம், மேஷ ராசி, அசுவினி. டயானா விருச்சிக லக்னம், கும்ப ராசி, அவிட்டம். டயானாவின் சூரியன் மிதுனத்தில், கடக லக்னத்துக்கு அங்கேயும் பன்னிரண்டு. செவ்வாய் சிம்மத்தில், அங்கேயும் இரண்டு. இதைப் பார்த்து 'இரண்டு சாஸ்திரமும் ஒரே சாட்சி' என்று சொல்லிவிடக் கூடாது. லக்னத்தையும் கிரகத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு பின்னால் தள்ளுகிறோம், இடையிலுள்ள தூரம் மாறாது. ராசி எல்லையை ஒட்டி இருப்பவைதான் வீடு மாறும். ஒரே சாட்சியை இரண்டு முறை கூப்பிட்டது போலத்தான்.

டயானாவின் சந்திரன் இதில் சார்லஸுக்கு எட்டாம் வீட்டில் விழுகிறது. சாயன முழு ராசியில் ஏழு, பிளாசிடஸில் எட்டு, நிராயனத்தில் எட்டு. சந்திரன் ஏழில் என்றால் வீட்டுக்காரர் இவரிடம் குடும்பத்தைக் காண்பார். எட்டில் என்றால் இவருடைய மனநிலை தன்னை விழுங்குவதாக உணர்வார். நேரில் ஒரு ஜோடி வந்தால் இந்த இடத்தில் நான் பலனே சொல்வதில்லை, வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவேன்: அவர் அழும்போது உங்களுக்கு அணைக்கத் தோன்றுகிறதா, அறையை விட்டுப் போகத் தோன்றுகிறதா? இந்த ஜாதகங்களுக்கான என் நோட்டில் சந்திரனுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி, சார்லஸின் செவ்வாய்க்கு எதிரே பென்சில் எழுத்து, மையில் எழுதியது டயானாவின் சூரியனும் செவ்வாயும் மட்டும்.